வாங்குவதா, நாமே தொடங்குவதா, விநியோகத்தோடு நிற்பதா? ஒரு சிறு கம்பனிக்கு எதுவரை விலை கொடுக்கலாம்

கொழும்பில் ஒரு சிறு கம்பனி விற்பனைக்கு வந்தால் முதலில் காதில் விழுவது "இத்தனை வருட லாபம்" என்ற விலைதான். மூன்று வருட லாபம், நாலு வருட லாபம் என்று கேட்பார்கள். வாங்குபவர் அதைக் கொஞ்சம் குறைத்துப் பேசுவார், நடுவில் ஓர் எண்ணில் முடியும். பேரம் தொடங்குவதற்கு முன்பே வாங்குபவரின் கையில் இன்னோர் எண் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபா கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுவது நல்லது என்ற எண் அது. அதைக் கண்டுபிடிக்க, கம்பனி வாங்குவதையும் ஒரு புது இயந்திரம் போடுவதைப் போன்ற ஒரு முதலீட்டுத் திட்டமாகவே எடுக்க வேண்டும். இன்று எவ்வளவு பணம் வெளியே போகிறது, அதனால் ஒவ்வொரு வருடமும் மேலதிகமாக எவ்வளவு உள்ளே வருகிறது, இந்தத் திட்டத்தை விட்டால் அடுத்த நல்ல வழி என்ன? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. உச்ச விலையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஓர் உதாரணத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நான் பார்த்த வியாபாரங்களின் சாயலில் அமைத்தது, எண்களை எளிதாக்கியிருக்கிறேன்.

வாங்க நினைப்பவர் கிராண்ட்பாஸில் மிளகாய்த்தூள், கறித்தூள், மா வகைகள் பொதி செய்து விற்பவர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மருதானை, வெள்ளவத்தைப் பக்கத்துக் கடைகளுக்கு அவருடைய வான்கள் கிழமைதோறும் போகின்றன. விற்பவர் வத்தளையில் மிக்சர், முறுக்கு, கடலை வகைகள் செய்யும் ஒரு சிறு கம்பனியின் முதலாளி. வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். வருட விற்பனை 120 மில்லியன் ரூபா, 18 வேலையாட்கள், கணக்கில் வரிக்கு முன் 16 மில்லியன் லாபம். நாலு வருட லாபம் என்று 64 மில்லியன் கேட்கிறார்.

வாங்குபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அந்தக் கம்பனியை வாங்கலாம். தன் இடத்திலேயே மிக்சர் பொரிக்கும் பகுதியொன்றை அமைக்கலாம். அல்லது கம்பனி விற்பவரிடமே இருக்கட்டும் என்று விட்டு, கொழும்புக் கடைகளுக்கு விநியோகிக்கும் உரிமையை மட்டும் எழுத்தில் வாங்கலாம்.

முதல் வழியில் தொடங்குவோம். கம்பனி இன்று இருக்கிறபடியே தனியாக நின்றால் என்ன பெறும்? கணக்கில் உள்ள 16 மில்லியனை அப்படியே எடுக்க முடியாது. முதலாளி காலை ஐந்து மணிக்கு வந்து இரவு வரை நிற்கிறார், அதற்குச் சம்பளம் எடுப்பதில்லை. அவர் போனால் ஒரு தொழிற்சாலை முகாமையாளர் வேண்டும். மாதம் இரண்டு இலட்சத்துச் சொச்சம் சம்பளம். அதன்மேல் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் கட்டும் 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதமும் சேர்ந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லியன். கட்டடமும் முதலாளியின் சொந்தப் பெயரில் இருக்கிறது, கம்பனி வாடகை கொடுப்பதில்லை. விற்ற பிறகு அவர் வாடகை கேட்பார். மாதம் 250,000 என்றால் இன்னொரு 3 மில்லியன். ஆக உண்மையான லாபம் 10 மில்லியன். கம்பனி வரி 30 வீதம் போனால் 7. விற்பனை வளரும்போது கடைகளில் நிற்கும் கடனும் வளரும். அதற்கு வருடம் 1 மில்லியன் ஒதுக்கினால் கையில் மிஞ்சுவது 6 மில்லியன். பழைய இயந்திரங்களை மாற்றும் செலவும் கணக்கில் காட்டிய பெறுமானத் தேய்வும் ஏறக்குறைய சமம் என்று எடுத்திருக்கிறேன். எண்ணெய்ச் சட்டிகளும் பொதி செய்யும் இயந்திரமும் மிகவும் பழசாக இருந்தால் அது பொருந்தாது. நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்த 6 மில்லியன் வருடத்துக்கு 4 வீதம் வளர்கிறது என்று வைப்போம். மத்திய வங்கியின் பணவீக்க இலக்கு 5 வீதம். ஆகவே 4 வீத வளர்ச்சி என்பது, உண்மையில் வியாபாரம் மெல்லச் சுருங்குகிறது என்ற எச்சரிக்கையான கணிப்பு. அடுத்தது கழிவு வீதம், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துப் பார்க்க எடுக்கும் வருட வீதம். கொழும்பில் நான் அதிகமாகக் காணும் பிழை இதில்தான் இருக்கிறது. "வங்கி 12 வீதத்துக்குக் கடன் தர ஒப்புக்கொண்டது, ஆகவே 12 வீதத்தில் கழிக்கலாம்" என்பார்கள். வங்கி கடன் தருவது கிராண்ட்பாஸ் கட்டடத்தை ஈடாக வைத்து. வத்தளை மிக்சரை நம்பியல்ல. ஒரே முதலாளியின் கைப்பக்குவத்திலும் ஒரு சில பெரிய வாடிக்கையாளர்களிலும் நிற்கும் ஒரு சிறு கம்பனியின் அபாயத்துக்கு நான் 18 வீதத்துக்குக் குறைய எடுக்கமாட்டேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியதும், அந்த வருடத்தில் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியதும் கடன் வைத்திருந்த எந்தச் சிறு வியாபாரிக்கும் மறந்திருக்காது.

எண்களில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 18 வீதத்தில் வளர்ச்சி 4 வீதத்தைக் கழித்தால் 14 வீதம். 6 மில்லியனை அதால் வகுத்தால் ஏறக்குறைய 42.9 மில்லியன். 12 வீதத்தில் அதே 6 மில்லியன் 75 மில்லியனாகிவிடும். கம்பனியின் கடன்களைக் கழித்த பிறகும், கேட்கும் 64 மலிவாகத் தெரியும். கம்பனி மாறவில்லை, மிக்சரும் மாறவில்லை. 18க்குப் பதிலாக 20 எடுத்தாலே பெறுமதி 37.5க்கு இறங்குகிறது, அதாவது 5.4 மில்லியன் குறைகிறது. பின்னால் வரும் கூடுதல் விற்பனையின் முழுப் பெறுமதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே இந்த வீதத்தை முதலில் தீர்மானித்து எழுதி வைத்துவிட வேண்டும். விலை பிடித்துப் போன பிறகு வீதத்தைத் தேடினால், அந்த விலைக்கு ஏற்ற வீதம்தான் கிடைக்கும்.

இனிக் கூட்டுப் பயன், வியாபாரப் பேச்சில் சினர்ஜி. இரண்டு கம்பனிகள் ஒன்றாவதால் மட்டும் கிடைக்கும் மேலதிகப் பணம் அது. இங்கே அது மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று, வான். வத்தளைக் கம்பனியின் மூன்று வான்களும் நம்முடைய வான்கள் போகும் அதே தெருக்களில்தான் பாதிச் சுமையோடு ஓடுகின்றன. ஒன்றை நிறுத்தினால் எரிபொருள், திருத்த வேலை, சாரதி, உதவியாள் எல்லாம் சேர்த்து வருடம் 3 மில்லியன் மிஞ்சும், வரி போக 2.1. ஆனால் இது முதல் வருடம் வராது. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் 1971ஆம் ஆண்டின் வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தும் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும், நட்டஈடும் உண்டு. நடைமுறையில் செய்யக்கூடியது, யாராவது விலகும்போது அந்த இடத்தை நிரப்பாமல் விடுவது. அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து எண்ணுகிறேன்.

இரண்டாவது, கொள்முதல். செத்தல் மிளகாய், கடலை மா, எண்ணெய் ஆகியவற்றை நாம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக எடுக்கிறோம். அவர் சிறுகச் சிறுக எடுக்கிறார். அவர் வாங்கும் பொருட்களில் நமக்கும் பொதுவானவை வருடத்துக்கு 30 மில்லியன். 4 வீதம் குறைந்தால் 1.2 மில்லியன், வரி போக 0.84. இது முதல் மாதமே தொடங்கும், கணிப்பதும் சுலபம்: அவருடைய பழைய விலைச்சிட்டைகளையும் நம்முடையவற்றையும் ஒரே திகதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த இரண்டையும் ஏழு வருடத்துக்கு மட்டும் எண்ணி 18 வீதத்தில் கழித்தால் கிடைப்பது 9.4 மில்லியன். ஏன் முடிவில்லாமல் எண்ணவில்லை? நாம் வாங்காவிட்டாலும் அவரோ அவருக்குப் பின் வருபவரோ ஒருநாள் வான் பாதையைச் சரிசெய்வார்கள், மொத்தமாகக் கொள்முதல் செய்யப் பழகுவார்கள். அந்த மிச்சம் என்றென்றைக்கும் நமக்கு மட்டும் உரியதல்ல.

மூன்றாவதில்தான் பணம் அதிகம் காணாமல் போகிறது: நம்முடைய கடைகளில் அவருடைய மிக்சரை விற்பது. விற்பனை முகாமையாளர் சொல்லும் கணக்கு இப்படி இருக்கும்: "சேர், 400 கடை, கடைக்கு மாசம் அஞ்சாயிரம் ரூபாவுக்குப் போகும், வருசத்துக்கு 24 மில்லியன்." அந்த 24 மில்லியனை அப்படியே விலைக்குள் கொண்டுவரும் பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். அது விற்பனைதான். நமக்குக் கிடைக்கும் 100 ரூபாயில் மூலப்பொருளுக்கும் பொதிக்கும் 68 போகும். காலாவதியாகித் திரும்பி வருவதற்கு 5. கமிஷன், வான் செலவு 7. மிஞ்சுவது 20. ஆகவே 24 மில்லியனில் 4.8, வரி போக 3.36. கடைக்காரர் ஒன்றரை மாதக் கடனில் எடுப்பார், நம்மிடம் சரக்கும் நிற்க வேண்டும். அதற்கு 4 மில்லியன் தொழிற்படு மூலதனம் முடங்கும். ஏழாம் வருட இறுதியில்தான் அது திரும்பும்.

முதல் வருடம் ஒன்றும் வராது, இரண்டாம் வருடம் பாதி, மூன்றிலிருந்து முழுசாக வரும் என்று வைக்கிறேன். புது வாடிக்கை என்பது மிச்சம் பிடிப்பதைவிட நிச்சயமில்லாதது, அதனால் இதை மட்டும் 24 வீதத்தில் கழிக்கிறேன். வருடம் 24 மில்லியன் என்று பேசப்பட்டது இன்றைய பெறுமதியில் 5.6 மில்லியன். ஒரு வருடம் பிந்தினால் 4.1 மட்டும்.

இணைக்கும் செலவையும் மறக்கக்கூடாது. பொதிகளில் பெயர் மாற்றம், கணக்கு மென்பொருளை ஒன்றாக்குவது, சட்டத்தரணி, பழைய பொரிப்பவர்கள் இருவர் போய்விடாமல் பிடித்து வைக்கும் கொடுப்பனவு என்று 4 மில்லியன். புத்தகங்களைச் சோதிக்க ஏற்கெனவே கொடுத்த கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை. அது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போன பணம். "இவ்வளவு செலவழித்துவிட்டோம், இனி விடுவதா" என்று பேரத்தில் இறங்குபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

ஆக, நம் கையில் அந்த வியாபாரம் 42.9 உடன் 9.4, 5.6 சேர்த்து 4ஐக் கழித்து 53.9 மில்லியன் பெறும். இது முழு வியாபாரத்தின் பெறுமதி, பங்குகளின் விலையல்ல. பங்குகளை வாங்கினால் கம்பனியின் கடன்களும் சேர்ந்தே வரும். வங்கி மேலதிகப்பற்று 6 மில்லியன் ஐந்தொகையில் தெரிகிறது. தெரியாதது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்த ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் சேர்ந்துகொண்டே போகிறது. 12 பேர் ஐந்தைத் தாண்டியவர்கள், சராசரி ஒன்பது வருடம், சராசரிச் சம்பளம் 50,000 என்றால் 12 × 25,000 × 9 = 2.7 மில்லியன். அதற்கு ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. இரண்டும் சேர்ந்து 8.7. கழித்தால் பங்குகளுக்கு 45.2 மில்லியன்.

பலர் இந்த இடத்தில் நிறுத்தி, இதுதான் உச்ச விலை என்பார்கள். 45.2 கொடுத்தால் நட்டமில்லை என்பது சரி. ஆனால் வாங்காமல் விட்டால் நமக்குக் கிடைக்கக்கூடிய நன்மை பூச்சியமாக இருந்தால்தான் அது உச்சம். மற்ற இரண்டு வழிகளையும் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

நாமே தொடங்குவதை முதலில் பார்ப்போம். பொரிக்கும் இயந்திரம், பொதி இயந்திரம், எரிவாயு இணைப்பு, புகைப்போக்கி, மின் கொள்ளளவைக் கூட்டுவது, தொடக்க விளம்பரம் எல்லாம் 26 மில்லியன். முதல் வருடம் நட்டமும் முடங்கும் மூலதனமுமாக இன்னும் 8. இரண்டாம் வருடம் 3, மூன்றாம் வருடம் 7, நான்காம் வருடத்திலிருந்து பத்தாம் வருடம் வரை 11 மில்லியன் வீதம் வருகிறது, கடைசியில் மூலதனமும் பழைய இயந்திர விலையும் 7 மில்லியனாகத் திரும்புகிறது என்று தாராளமாகவே வைத்தேன். 20 வீதத்தில் கழித்தால் தேறுவது கழித்தல் 2.5 மில்லியன். இயந்திரம் விலை கூடியது இதற்குக் காரணமல்ல. கடை அலுமாரியில் பெயர் தெரியாத மிக்சர் ஒன்று இடம்பிடிக்க எடுக்கும் இரண்டு மூன்று வருடம்தான் இந்த வழியைக் கவிழ்க்கிறது. வத்தளைக்காரர் உண்மையில் விற்பது இயந்திரங்களை அல்ல, அந்த வருடங்களை. அதனால் "உங்கள் இயந்திரமெல்லாம் 15 மில்லியன்கூடப் பெறாதே" என்று அவரிடம் வாதாடுவதில் பொருளில்லை.

மூன்றாவது வழி, விநியோகம். அவரிடமிருந்து வாங்கி நம் 400 கடைகளுக்குக் கொடுக்கிறோம். 12 வீதம் நமக்கு, நம் மேலதிகச் செலவு 4 வீதம், மிஞ்சுவது 8 வீதம். 24 மில்லியனில் 1.92, வரி போக 1.34. அவரே ஒரு மாதக் கடன் தருவதால் முடங்கும் பணம் 2 மில்லியன்தான். இணைக்கும் வேலை ஒன்றுமில்லை என்பதால் முதல் வருடமே பாதி தொடங்கும். அதே ஏழு வருடம், அதே 24 வீதம்: இன்றைய பெறுமதி ஏறக்குறைய 2.6 மில்லியன். பெரிய தொகையல்ல. ஆனால் கட்டடத்தை ஈடு வைக்காமல், எவருடைய பணிக்கொடையையும் தலையில் ஏற்றாமல் வருவது.

ஆகவே வாங்குவதை ஒப்பிட வேண்டியது பூச்சியத்தோடு அல்ல, இந்த 2.6 உடன்.

| | மில்லியன் ரூபா |
|---|---|
| தனியாக நிற்கும் பெறுமதி | 42.9 |
| வான், கொள்முதல் மிச்சம் | 9.4 |
| கூடுதல் விற்பனை | 5.6 |
| இணைக்கும் செலவு | −4.0 |
| மேலதிகப்பற்று, பணிக்கொடை | −8.7 |
| கைவிடப்படும் விநியோக வழி | −2.6 |
| பங்குகளுக்கு உச்ச விலை | 42.6 |

இதை வேறுவிதமாகவும் பார்க்கலாம். கூடுதல் விற்பனை என்று எழுதிய 5.6இல் கிட்டத்தட்ட பாதியைக் கம்பனியை வாங்காமலே எடுக்க முடியும். வாங்காமலே கிடைப்பதற்கு விற்பவருக்கு விலை கொடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கூட்டுப் பயனுக்கும் பக்கத்தில் "இதற்கு உரிமை மாற வேண்டுமா, ஒரு கடிதம் போதுமா?" என்று எழுதிப் பார்த்தால் பட்டியல் தானாகவே சுருங்கும். கொள்முதல் மிச்சத்தையும் இந்தக் கேள்வி கடிக்கும்: இருவரும் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாமே? கொள்கையளவில் முடியும். ஆனால் புறக்கோட்டையில் கடன் யார் பெயரில் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. மற்றவருடைய கடனுக்குப் பெயர் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு, அதனால் அதை வாங்கும் வழியிலேயே விட்டிருக்கிறேன்.

விநியோக வழிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. விற்பவர் ஓய்வு பெறப் போகிறார். நாம் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார். அவரிடம் சொந்த வான்கள் இருந்தால் நம் ஒப்பந்தம் மூன்று மாத அறிவித்தலில் முடியும். உண்மையில் அப்படியொரு போட்டியாளர் இருந்தால் 2.6 கழிப்பு மறையும், உச்ச விலை 45.2க்கு ஏறும். "இன்னொருத்தர் கேக்கிறார் தம்பி" என்ற வார்த்தைக்கு விலையை ஏற்றவேண்டிய அளவு இவ்வளவுதான், அதுவும் அந்த ஆள் நிஜமாக இருந்தால். அவர் கேட்ட விலை என்ன என்பது நம் கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

சரி, 42.6க்கும் 64க்கும் இடையில் இவ்வளவு இடைவெளி இருந்தால் பேச்சே நடக்குமா? நடக்கும். விற்பவரின் எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே காட்டினால் போதும். இப்படியான மேசையில் பேச்சு ஏறக்குறைய இவ்வாறு போகும்.

"ஐயா, நீங்க சொல்ற நாலு மடங்கையே வச்சுப் பார்ப்பம். பதினாறு லாபத்தில உங்கட சம்பளம் மூண்டு, கட்டட வாடகை மூண்டு. அது கம்பனியிட லாபமில்லை, உங்கட உழைப்பும் உங்கட காணியும்."

"அப்ப கட்டடத்தையும் சும்மா கேக்கிறீங்களா?"

"இல்லை ஐயா. கட்டடம் உங்கட பேரிலேயே இருக்கும். மாசம் ரெண்டரை இலட்சம் வாடகை உங்களுக்கு வரும். மிச்சம் பத்து. நாலு மடங்கு எண்டா நாப்பது."

அவருடைய சொந்த வாய்பாட்டிலேயே 40 வருகிறது. வாடகை தனியாகத் தொடர்ந்து வருவதால் அவர் எதையும் இழக்கவுமில்லை. இந்த விளக்கம் கொடுக்கப்படாத பேரங்களில் வாங்குபவர்கள் அதே வாடகைக்கு இரண்டு தடவை பணம் கொடுக்கிறார்கள்: ஒருமுறை லாபமாகப் பெருக்கி, இன்னொருமுறை மாதாமாதம்.

இன்னொரு பேச்சும் வரும், "புத்தகத்தில வராத விற்பனையும் இருக்கு" என்று. அதற்கு நான் பூச்சியம் போடுவேன். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். நம் கைக்கு வந்த பிறகு அந்த விற்பனையும் பில்லோடுதான் போகும். பெறுமதி சேர் வரியும் வருமான வரியும் போன பின் அந்த லாபத்தில் எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகம். அதைவிட முக்கியம், பங்குகளை வாங்கினால் பழைய வருடங்களுக்கு இறைவரித் திணைக்களம் கேட்கக்கூடியதும் அதே கம்பனியின் கடனாகவே இருக்கும். இந்தப் பேச்சு பெரிதாக வருகிற இடத்தில் பங்குகளை விட்டுவிட்டு இயந்திரம், வான், பெயர், சரக்கு ஆகியவற்றை மட்டும் வாங்குவதைப் பார்க்க வேண்டும். வேலையாட்களின் பழைய சேவைக்கு யார் பொறுப்பு என்பதை அப்போது தனியாக எழுத வேண்டும், பெயர்ப்பதிவு, வான் மாற்றம், உரிமங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஓட வேண்டும். ஆனால் மறைந்த கடன் பெரும்பாலும் பழைய கம்பனியோடு நின்றுவிடும்.

எங்கே பேச்சைத் தொடங்குவது? விற்பவருக்குக் கீழ் எல்லை, தனியாக நிற்கும் 42.9இல் கடன் 8.7 போக 34.2. அதற்குக் குறைந்தால் அவர் வைத்திருப்பதே மேல். ஆக 34.2க்கும் 42.6க்கும் நடுவில் 8.4 மில்லியன் இருக்கிறது. அதைப் பிரிப்பதுதான் பேரம். அந்த 8.4 நம்முடைய வான்களாலும் நம்முடைய கடைகளாலும் புறக்கோட்டையில் நமக்கிருக்கும் பெயராலும் உண்டாவது. பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது, அதாவது 38 அளவில் முடிப்பதையே முயல்வேன்.

அவர் 44க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றால்? பிள்ளைகளிடமும் ஊரிலும் சொல்ல அவருக்கு ஒரு பெரிய எண் தேவைப்படலாம். அப்போது நேரத்தால் சரிசெய்யலாம். கையெழுத்தன்று 36, முதல் வருட முடிவில் 4, இரண்டாம் வருட முடிவில் 4. பேச்சில் 44தான். 18 வீதத்தில் கழித்தால் முதல் 4 இன்று 3.4 பெறும், அடுத்தது 2.9. மொத்தம் 42.3. எல்லைக்குள் நிற்கிறது, ஆனால் ஓரமாக. கூட்டுப் பயன் அத்தனையும் அவருக்கே போய்விடுகிறது. அதனால் அந்த இரண்டு 4 மில்லியன்களையும் நிபந்தனையோடு கட்டுவேன். முதலாவது, அவருடைய பழைய பெரிய வாடிக்கையாளர்கள் ஒரு வருடம் கழிந்தும் இருந்தால். இரண்டாவது, நம் கடைகளில் இரண்டாம் வருட விற்பனை 12 மில்லியனைத் தொட்டால். நிபந்தனையை லாபத்தின் மேல் வைக்கக்கூடாது: வாங்கிய பிறகு எந்தச் செலவை எந்தக் கம்பனியில் எழுதுவது என்று தீர்மானிப்பவர் வாங்கியவர் என்பதால் அது சண்டையில்தான் முடியும். விற்பனையை இருவரும் பில் புத்தகத்தில் பார்க்கலாம்.

அதற்கும் சம்மதமில்லையென்றால் விநியோக ஒப்பந்தத்துக்கே போகலாம். அது தோல்வியல்ல, 2.6 மில்லியன் பெறுமதியுள்ள இரண்டாவது வழி. ஒரு வருடம் விற்றுப் பார்த்தால் கடைக்கு அஞ்சாயிரம் என்ற எண் நிஜமா என்றும் தெரிந்துவிடும். அப்படிப் போவதானால் ஒப்பந்தத்திலேயே, 18 மாதத்துக்குள் குறித்த விலைக்குப் பங்குகளை வாங்கும் உரிமையையும் எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நாம் நம் கடைகளில் வளர்த்துக்கொடுத்த விற்பனையைக் காட்டியே அவர் விலையை ஏற்றுவார்.

வாங்கவே முடிவானால் கடைசியாகப் பார்க்க வேண்டியது சேமலாப நிதி. 18 பேருக்கும் மாதாமாதம் கட்டிய பற்றுச்சீட்டுகளைச் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் 50,000, நிதிக்குக் கணக்கிட்டது 30,000 என்றால் நிலுவையும் அதன்மேல் மேலதிகக் கட்டணமும் பங்குகளோடு நமக்கே வரும். கையெழுத்துக்கு முந்திய காலத்துக்குரிய அப்படி எந்தத் தொகை வெளிப்பட்டாலும், அது பின்னால் கொடுக்கவிருக்கும் 8 மில்லியனிலிருந்து கழிக்கப்படும் என்று உடன்படிக்கையில் எழுதாமல் 36 மில்லியனுக்குக் காசோலை எழுதக்கூடாது.